‘ஆடு’ பெயரா, வினையா? – தொடக்க வகுப்புகளில் சொல்வகைகளை விளையாட்டின்வழி அறிமுகஞ் செய்தல்

நான்காந் தர வகுப்பொன்றின் பின்வரிசையில் அமர்ந்து, தமிழ்ப் பாடம் நடைபெறுவதை ஒருமுறை அவதானித்துக்கொண்டிருந்தேன். பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் வேறுபடுத்தி எழுதுமாறு ஆசிரியை பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதியிருந்தார். அவற்றுள் ஒன்று ‘ஆடு’. பெரும்பாலான பிள்ளைகள் அதனைப் பெயரென்றே எழுதினர். ஒரு சிறுமி மட்டும் வினையென்று எழுதியிருந்தாள். கொப்பி திருத்தப்பட்டபோது அதற்குப் பிழையிடப்பட்டது. ‘நாங்கள் ஆடுறம்தானே, ரீச்சர்?’ என்று அவள் மெதுவாகக் கேட்டாள். ‘ஆடு என்பது ஒரு விலங்கின் பெயர், பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல்’ என்பதே அவளுக்குக் கிடைத்த விடை.

சிறுமி கேட்டது நியாயமான கேள்வி. தனித்து நிற்கும் ‘ஆடு’ என்ற சொல்லை வகைப்படுத்துமாறு கேட்டதுதான் பிழை. அவள் எழுதியது பிழையன்று. இச்சிறு நிகழ்ச்சி தொடக்க வகுப்புகளில் இலக்கணம் கற்பிக்கப்படும் முறை பற்றிய அடிப்படையான பிரச்சினையொன்றைச் சுட்டுகின்றது. பெயர், வினை என்னும் இரு சொல்வகைகளை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வாறு அறிமுகஞ் செய்யலாம், அதற்கு விளையாட்டு எவ்வகையில் உதவும், அவ்விளையாட்டு எங்கெங்கே வழுவும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிற சொல்வகைகள் இவ்விரண்டோடு தொடர்புறும் அளவிற்கு மட்டுமே இங்கு நோக்கப்படும்.

1. வரைவிலக்கணத்தின் இடர்ப்பாடு

நமது பாடசாலைகளில் இலக்கணம் வினாவும் விடையுமாகக் கற்பிக்கப்படுவது நெடுங்கால மரபாகும். ஆறுமுக நாவலர் இலக்கணச் சுருக்கத்தோடு இலக்கண வினாவிடையையும் எழுதியமை இம்மரபின் வலிமைக்குச் சான்று. அச்சு நூல்கள் அரிதாயிருந்த காலத்தில், நினைவிற் பதிப்பதற்கு அம்முறை தக்க கருவியாக அமைந்தது. ஆயின் அக்கருவியின் மிகச் சுருங்கிய எச்சமொன்றே இன்று வகுப்பறையில் எஞ்சியுள்ளது எனலாம். ‘பொருளின் பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல், செயலைக் குறிப்பது வினைச்சொல்’ என்பதே அவ்வெச்சமாகும்.

இவ்வரைவிலக்கணம் சொல்லின் பொருளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. மரம், நாய், எழுது, குதி போன்ற சொற்களுக்கு அது பொருந்துகின்றது. ஆனால், ‘ஓட்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது குறிப்பது ஒரு செயலையே. ‘சிரிப்பு’, ‘பயணம்’, ‘விளையாட்டு’ என்பனவும் அத்தகையனவே. செயலைக் குறிப்பது வினையென்று மனனஞ் செய்த பிள்ளை, இவற்றை வினையென்று எழுதுவதே தருக்கமுறைப்படி சரியாகும். எழுதினால் புள்ளி இழக்கின்றது. மறுபுறம், ‘இரு’ என்னும் சொல் எச்செயலையும் காட்டுவதாகப் பிள்ளைக்குத் தோன்றுவதில்லை. எனினும் அது வினை. இந்நிலையில், வரைவிலக்கணத்தை நம்பி நேர்மையாகச் சிந்திக்கும் பிள்ளை பிழைவிடுகின்றது; நம்பாது பட்டியலை மனனஞ் செய்யும் பிள்ளை தப்பிக்கொள்கின்றது.

2. பழைய இலக்கணம் காட்டும் வழி

இப்பிரச்சினைக்குத் தீர்வு காண மேலைநாட்டு மொழியியலை மட்டும் நாடவேண்டியதில்லை. தொல்காப்பியம் வினையியலின் தொடக்கத்திலேயே வினைச்சொல்லை வரையறுக்கும்போது, அது செயலைக் குறிக்கும் என்று கூறி அமைவதில்லை. வினை வேற்றுமையை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்னும் இரு பண்புகளையே முன்வைக்கின்றது. அதேபோன்று, பெயர்ச்சொல் காலங் காட்டாது என்று கூறி, வினையிலிருந்து பிறந்த ஒருவகைப் பெயரை அதற்கு விலக்காகவும் குறிப்பிடுகின்றது. இவை சொல்லின் பொருளைப் பற்றியனவல்ல. சொல்லின் நடத்தையைப் பற்றியன. ஒரு சொல் எவற்றை ஏற்கிறது, எவற்றை ஏற்க மறுக்கிறது என்பதே அங்கு அளவுகோலாகின்றது.

சாள்ஸ் ஃபிறீஸ் என்னும் அமெரிக்க மொழியியலாளர் 1952இல் வெளியிட்ட தமது நூலில், ஆங்கிலச் சொல்வகைகளை வாக்கியச் சட்டங்களின் வெற்றிடங்களில் எச்சொல் பொருந்துகின்றது என்பதைக் கொண்டே வகுத்தார். நோக்கில் இரண்டும் ஒத்தவை. இந்நோக்கு நம் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானதாக இருப்பதற்குக் காரணமுண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘வேற்றுமை’ என்ற கலைச்சொல் தெரியாது; ஆனால் ‘மரத்தை வெட்டினான்’, ‘ஆட்டைக் கட்டினான்’ என்று தவறின்றிக் கூறத் தெரியும். மரம் என்பது ஐயுருபை ஏற்கும்போது ‘மரமை’ என்றாகாது ‘மரத்தை’ என்றாகும் என்பதும், ஆடு என்பது ‘ஆடை’ என்றாகாது ‘ஆட்டை’ என்றாகும் என்பதும் எவரும் கற்பியாமலே அதற்குத் தெரிந்தவை. சாரியையும் இரட்டித்தலும் அதன் நாவில் உள்ளன. ஆகவே ஆசிரியர் செய்யவேண்டியது, பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள அறிவை அதன் கண்ணுக்குப் புலப்படச் செய்வதேயாகும்.

3. முதல் விளையாட்டு: கொண்டுவருதல்

தொடக்கத்தில் பொருளின்வழிச் செல்வதிற் குற்றமில்லை. மரியா மொண்டிசோரி வகுத்த முறையில் இதற்கு எளிய பயிற்சியொன்று உண்டு. ஆசிரியர் ஒரு பொருளின் பெயரைக் கூற, பிள்ளை அதனைக் கொண்டுவந்து வைக்கின்றது. பின்னர் ஒரு செயலைக் கூற, பிள்ளை அதனைச் செய்துகாட்டுகின்றது. செய்த செயல் எங்கே என்று கேட்டால், அதனை எடுத்துக் காட்ட இயலாது. பொருள் நிலைத்திருக்கின்றது, செயல் நிகழ்ந்து மறைகின்றது. இவ்வேறுபாட்டை நினைவிலிருத்தப் பெயருக்குக் கரிய முக்கோணமும் வினைக்குச் சிவந்த வட்டமும் அம்முறையில் அடையாளங்களாக வழங்கப்படுகின்றன. மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

நமது வகுப்பில் இதனைப் பத்து நிமிடங்களில் நடத்திவிடலாம். ‘கல்’, ‘இலை’, ‘பென்சில்’, ‘கொப்பி’ என்று கூறப் பிள்ளைகள் கொண்டுவந்து மேசையில் வைப்பர். ‘குதி’, ‘சிரி’, ‘எழுது’ என்று கூறச் செய்துகாட்டுவர். இறுதியாக ஆசிரியர் வேறெதுவுங் கூறாமல் ‘பாய்’ என்று மட்டும் சொல்லவேண்டும். சிலர் பாய்ந்து காட்டுவர். சிலர் வகுப்பின் மூலையிற் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் பாயைத் தேடிச் செல்வர். யார் சரி என்ற வாதம் தானாகவே எழும். இவ்வாதம் எழுவதற்காகவே இவ்விளையாட்டு நடத்தப்படுகின்றது. ஆசிரியர் தீர்ப்புக் கூறாது, ‘நான் எதைச் சொன்னேன் என்பதை எப்படி அறியலாம்?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்லைத் தனியே வைத்துக்கொண்டு அதன் வகையைத் துணியவியலாது என்பதை அன்று பிள்ளைகள் உணர்ந்தால், அதுவே போதுமானது.

4. இரண்டாவது விளையாட்டு: இரண்டு வீடுகள்

மறுநாள் தரையில் வெண்கட்டியால் இரண்டு வீடுகள் வரையப்படுகின்றன. முதல் வீட்டின் வாசலில் ‘இந்த ……ஐக் கண்டேன்’ என்ற வாக்கியச் சட்டம் எழுதப்படும். இரண்டாம் வீட்டின் முன் மூன்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ‘நேற்று’, ‘இன்று’, ‘நாளை’ என எழுதப்படும். பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஆக்கிய சொல்லட்டைகள் கவிழ்த்து வைக்கப்படுகின்றன. முப்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பாயின், ஐவர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரித்து, குழுவிற்குப் பன்னிரண்டு அட்டைகள் கொடுப்பது போதும்.

விதி இரண்டுதான். முதல் வீட்டிற்குள் அட்டையை வைக்க விரும்பும் பிள்ளை, வாசலிலுள்ள வாக்கியத்தில் அச்சொல்லை இட்டு முழுவாக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வீட்டிற்குள் வைக்க விரும்பும் பிள்ளை, மூன்று கட்டங்களிலும் முறையே கால்வைத்து நடந்து, அச்சொல்லை மூன்று விதமாகச் சொல்லவேண்டும். ‘எழுது’ என்ற அட்டையைப் பெற்ற பிள்ளை, நேற்று எழுதினேன், இன்று எழுதுகிறேன், நாளை எழுதுவேன் என்று கூறி வீட்டினுட் புகும். குழுவிலுள்ள மற்றையோர் ஒப்புக்கொண்டால் அட்டை அங்கே தங்கும். ஒப்பாவிடில் அட்டை மீண்டும் கட்டுக்குள் இடப்படும்.

முதற் சுற்றில் ஐயத்திற்கிடமற்ற சொற்களையே தருதல் வேண்டும்: மரம், நாய், வண்டி, மழை, அம்மா, பந்து, எழுது, சிரி, குதி, தூங்கு, வா, சாப்பிடு. ‘வா’ என்பது வந்தேன், வருகிறேன், வருவேன் எனப் பெரிதும் உருமாறுகின்றது. ஆனால் பிள்ளைகள் அதில் தடுமாறுவதில்லை. நாளாந்தம் பேசும் சொல்லாதலின் மூன்று வடிவங்களும் அவர்க்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

இங்கு ஓர் இடர் தோன்றும். நான் கண்ட வகுப்பில் ‘மழை’ அட்டையைப் பெற்ற சிறுவன் மூன்று கட்டங்களிலும் துணிவாக நடந்து, ‘நேற்று மழை, இன்று மழை, நாளை மழை’ என்று கூறி வினையின் வீட்டினுட் புகுந்துவிட்டான். அவனுடைய குழுவினர் எதிர்க்கவுமில்லை. இதற்குக் காரணம் தமிழின் வாக்கிய அமைப்பாகும். ‘இது மரம்’, ‘அவர் ஆசிரியர்’ என்பனபோல், வினையின்றியே பெயர் பயனிலையாக நிற்கத் தமிழ் இடமளிக்கின்றது. ஆங்கிலப் பிள்ளைக்கு அமைக்கப்பட்ட விளையாட்டை அவ்வாறே மொழிமாற்றித் தமிழ் வகுப்பில் நடத்தினால், இவ்விடத்திலேயே அது வழுவும். வேறொரு சிறுமி இன்னுஞ் சாதுரியமாக, ‘நேற்று மரம், இன்று விறகு, நாளை சாம்பல்’ என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது.

இவ்விரு முயற்சிகளையும் பிழையென்று தள்ளிவிடாமல், அவற்றிலிருந்தே விதியைத் திருத்தமாக்க வேண்டும். ஆசிரியை அன்று பிள்ளைகளிடமே கேட்டார்: ‘எழுதினேன், எழுதுகிறேன், எழுதுவேன் என்பதற்கும் மழை, மழை, மழை என்பதற்கும் என்ன வித்தியாசம்?’ சிறிது நேரத்தில் விடை வந்தது. ‘எழுது’ என்பதற்குத் தலை ஒன்று, வால் மூன்று. ‘மழை’ வாலையே மாற்றவில்லை. ‘மரம், விறகு, சாம்பல்’ என்பதில் தலையே மாறிவிட்டது. ‘தலை நிற்க வேண்டும், வால் மாறவேண்டும்’ என்னும் மூன்றாம் விதி இவ்வாறு பிள்ளைகளாலேயே இயற்றப்பட்டது. பகுதி, இடைநிலை, விகுதி எனப் பின்னர் மேல்வகுப்பில் அவர்கள் கற்கவிருக்கும் பதவியலின் கரு இதிலே உள்ளது.

இரண்டாஞ் சுற்றில்தான் ‘ஆடு’ வரவேண்டும். அதனோடு ‘ஓடு’, ‘படி’, ‘பாய்’ என்பனவும் வரலாம். இப்பொழுது ஒரே அட்டையை இரு வீட்டாரும் உரிமை கோருவர். ‘இந்த ஆட்டைக் கண்டேன்’ என்று ஒரு பிள்ளையும், ‘நேற்று ஆடினேன், இன்று ஆடுகிறேன், நாளை ஆடுவேன்’ என்று மற்றொரு பிள்ளையும் கூறுவர். இரண்டும் சரியே. அந்நிலையில் அதே சொல்லை எழுதிய இரண்டாவது அட்டையொன்று வழங்கப்பட்டு, இரு வீடுகளிலும் ஒவ்வொன்று வைக்கப்படுகின்றது. ‘ஆடு’ என்ற ஒலிவடிவம் ஒன்றெனினும் சொற்கள் இரண்டு. ஒன்று ஐயை ஏற்கும்போது டகரம் இரட்டிக்க ‘ஆட்டை’ என நிற்கின்றது, மற்றது காலத்தை ஏற்று ‘ஆடினேன்’ என நிற்கின்றது. படியை–படித்தேன், பாயை–பாய்ந்தேன் என்பனவும் அவ்வாறே பிரிகின்றன. ‘ஓடு’ மட்டும் சிறிது கவனத்தை வேண்டுவது. கூரை ஓட்டைக் குறிக்கும் ‘ஓட்டை’ என்ற வடிவம் துவாரத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருத்தலின், சட்டத்திலுள்ள முழுவாக்கியமும் சொல்லப்படுதல் அவசியம். ‘கல்’ என்பதையும் இப்பட்டியலிற் சேர்க்க விரும்புவோருளர். ஆயின் ‘கற்றேன்’ என்பது எட்டு வயதுப் பிள்ளையின் பேச்சில் வழங்காத வடிவமாதலின், அதனை ஒத்திவைப்பதே தக்கது.

மூன்றாஞ் சுற்றுக்குரியவை ஓட்டம், சிரிப்பு, பயணம், விளையாட்டு என்பனவும் நான், நீ என்பனவும். ‘ஓட்டம்’ செயலைக் குறிப்பினும் மூன்று கட்டங்களில் வால் மாற்றி நடக்கவியலாது. ‘இந்த ஓட்டத்தைக் கண்டேன்’ என்று எளிதாக முதல் வீட்டினுட் புகுந்துவிடும். பொருள்வழி வரைவிலக்கணத்தாற் குழம்பிய சொல், நடத்தைவழிச் சோதனையாற் குழப்பமின்றித் தன் இடத்தை அடைகின்றது. ‘நான்’, ‘நீ’ என்பன ‘இந்த’ என்னும் சுட்டோடு பொருந்தா. ஆனால் ‘அம்மா என்னைக் கண்டார்’, ‘நான் உன்னைக் கண்டேன்’ என ஐயை ஏற்கும். ஆகவே அவையும் பெயரின் வீட்டிற்கே உரியன. ஆங்கில இலக்கணத்தைப் பின்பற்றி எட்டுச் சொல்வகை கூறுவோர் இவற்றைத் தனிவகையாக்குவர். தமிழிலக்கண மரபு இவற்றைப் பெயருள் அடக்கியமைக்குரிய காரணத்தைப் பிள்ளைகள் இங்குத் தாமே கண்டுகொள்கின்றனர்.

5. ‘ஐ’ செய்யும் ஏமாற்று

இவ்விளையாட்டில் ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டிய மற்றொரு வழு உண்டு. பெயருக்குரிய சோதனையை ‘ஐ சேர்த்துப் பார்’ என்று மட்டுஞ் சுருக்கிக் கூறினால், பிள்ளைகள் வினைப்பகுதிகளோடும் ஐயைச் சேர்ப்பர். ‘நட’ என்பது ‘நடை’ ஆகும். ‘கொடு’ என்பது ‘கொடை’ ஆகும். ‘தடு’ என்பது ‘தடை’ ஆகும். அனைத்தும் பொருளுள்ள தமிழ்ச் சொற்கள். ஆகவே நட, கொடு, தடு யாவும் பெயர்கள் என்று பிள்ளை முடிவுசெய்யும். சோதனை பொய்த்துவிட்டதென்று ஆசிரியரும் மயங்கக்கூடும்.

சோதனை பொய்க்கவில்லை. தமிழில் ஐ என்னும் வடிவம் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில்களைச் செய்கின்றது. ‘மரத்தை’ என்பதிலுள்ள ஐ வேற்றுமையுருபு. ‘நடை’ என்பதிலுள்ள ஐ தொழிற்பெயர் விகுதி. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி வாக்கியச் சட்டத்திலேயே உள்ளது. ‘இந்த நடைக் கண்டேன்’ என்று எந்தப் பிள்ளையும் கூறாது. ‘இந்த நடையைக் கண்டேன்’ என்றே கூறும். அதாவது, ‘நடை’ என்பது மேலும் ஓர் ஐயை வேண்டி நிற்கின்றது. அங்ஙனம் வேண்டுவதே அது முழுமையான ஒரு பெயர் என்பதற்குச் சான்று. ‘மரத்தை’ என்பதோடு மற்றோர் ஐயைச் சேர்த்து ‘மரத்தையை’ என்று கூறுவாரில்லை. இதனை ஒரு குறுவிளையாட்டாகவே நடத்தலாம்: ‘இன்னொரு ஐ ஒட்டுமா?’ ஒட்டினால் அது புதிதாகப் பிறந்த பெயர். ஒட்டாவிட்டால் முதல் ஐ உருபு.

வாசல் வாக்கியத்தில் ‘இந்த’ என்ற சுட்டினைச் சேர்த்தமைக்கும் காரணமுண்டு. அஃறிணைப் பெயர்கள் செயப்படுபொருளாக வரும்போது ஐயின்றியும் வழங்குதல் தமிழ் இயல்பு. ‘மரம் வெட்டினான்’, ‘தண்ணீர் குடித்தான்’ என்பன வழுவல்ல. சுட்டினால் ஒரு குறித்த பொருள் உணர்த்தப்படும்போது ‘இந்த மரத்தை வெட்டினான்’ என ஐ இயல்பாகவே வெளிப்படுகின்றது. சட்டத்தில் ‘இந்த’ இல்லையேல் பிள்ளைகளிற் பலர் ‘மரம் கண்டேன்’ என்று கூறி நிற்பர்.

6. வீடில்லாச் சொற்கள்

விளையாட்டு முன்னேறுகையில் எவ்வீட்டிலும் புகாத சொற்கள் எஞ்சும். பிள்ளைகள் தாமே கொண்டுவரும் சொற்களில் ‘நல்ல’, ‘மெல்ல’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘வேண்டும்’, ‘போதும்’ என்பன நிச்சயம் இடம்பெறும். இவற்றுக்கெனத் தரையில் இடம் வரையாது, ஒரு பழைய பெட்டியை வைத்து, ‘வீடில்லாச் சொற்கள்’ என்று பெயரிடுதல் நன்று. அப்பெட்டியிற் போடுவது தோல்வியன்று. சோதனைகளைச் செய்து பார்த்த பின்னர், இரண்டும் பொருந்தவில்லை என்று நேர்மையாகக் கூறுவதாகும்.

பெட்டியிலுள்ளவை யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். ‘நல்ல’, ‘மெல்ல’ என்பன பெயரையும் வினையையும் அடுத்து அவற்றைச் சிறப்பிப்பன. ‘ஆனால்’ என்பது வாக்கியங்களைத் தொடுக்கின்றது. ‘இல்லை’ என்பதோ வினையின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் காலத்தை வெளிப்படையாகக் காட்டாதது; மரபிலக்கணம் இத்தகையவற்றைக் குறிப்புவினை என்று வழங்கும். ‘நேற்று இல்லை, இன்று இல்லை, நாளை இல்லை’ என்று வால் மாறாமலே மூன்று கட்டங்களையும் அது கடந்துவிடுகின்றது. இதனை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்க முற்படுதல் வீண். பெட்டி மூடப்பட்டு, ஆறாந் தரத்திற்கு மேல் திறக்கப்படட்டும். அதுபோன்றே ‘வந்தவன்’ என்னும் சொல்லை எவராவது கொண்டுவரின், அது வந்தவன், வருகிறவன் எனக் காலத்தையும் காட்டும். ‘வந்தவனை’ என ஐயையும் ஏற்கும். இதுவே தொல்காப்பியம் விலக்காகக் கூறிய பெயர். அத்தகைய சொல்லைக் கண்டுபிடித்த பிள்ளை விளையாட்டைக் குழப்பியதாகக் கருதலாகாது. விதியின் எல்லையைக் கண்டதாகவே கருதவேண்டும்.

7. கற்றதா, மனனஞ் செய்ததா?

பிள்ளை உண்மையிலேயே வேறுபாட்டை உணர்ந்ததா, அன்றி அட்டைகளின் இடங்களை நினைவில் வைத்துள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? ஜீன் பேர்க்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு அருமையான வழியொன்றைக் காட்டியுள்ளார். எந்த மொழியிலும் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கொரு பொய்ப்பெயரையுஞ் சூட்டி, அப்பெயரின் பன்மையை ஆங்கிலச் சிறுவர்களிடம் அவர் கேட்டார். முன்பின் கேட்டறியாத சொல்லுக்கும் பன்மையுருபைச் சரியாகச் சேர்த்தமையால், அவர்களிடம் இருந்தது மனனமன்று, விதியே என்பது புலனாயிற்று.

தமிழில் ‘கிமுடு’ என்றொரு பொய்ச்சொல்லை ஆக்கிக்கொள்வோம். கரும்பலகையில் ஒரு விசித்திரப் பிராணியை வரைந்து, ‘இது ஒரு கிமுடு. நான் நேற்றுக் காட்டில் இந்த ……க் கண்டேன்’ என்று கூறி நிறுத்தினால், பிள்ளைகள் ‘கிமுட்டை’ என்று நிரப்புவரா? பின்னர் ஆசிரியர் ஒரு காலில் நின்று தலையை ஆட்டி, ‘இப்படிச் செய்வதற்குக் கிமுடு என்று பெயர். நேற்றும் நான் இதைச் செய்தேன். நேற்று நான் ……’ என்று நிறுத்தினால், ‘கிமுடினேன்’ என்பரா? இரண்டையும் வேறுபடுத்திக் கூறும் பிள்ளை, கயிறு–கயிற்றை, முரடு–முரட்டை போன்ற பெயர்களின் போக்கையும் திருடு–திருடினேன் போன்ற வினைகளின் போக்கையும் தன்னுள் கொண்டுள்ளது. முதலாவதற்கு ‘கிமுடுவை’ என்று விடை வரினும் பாதகமில்லை. ஐயுருபு சேர்ந்துவிட்டது, இரட்டித்தல் மட்டும் புதுச்சொல்லுக்கு எட்டவில்லை. ஆனால் இரு வாக்கியங்களிலும் வெறும் ‘கிமுடு’ என்றே கூறும் பிள்ளைக்கு வீடுகளின் விளையாட்டை மீண்டும் நடத்துதல் வேண்டும்.

தவறிக் கற்றதற்கு வேறோர் அடையாளமும் உண்டு. எழுது, தூங்கு, சாப்பிடு எனப் பழகிய சில பிள்ளைகள், உகரத்தில் முடிவன யாவும் வினை என்று தாமாகவே ஒரு விதியை ஏற்படுத்திக்கொள்வர். அவர்களிடம் ‘வீடு’, ‘காடு’, ‘பந்து’ ஆகிய அட்டைகளைக் கொடுத்தால், வாக்கியத்திற் சொல்லிப் பாராமலே வினையின் வீட்டில் வைத்துவிடுவர். வாய் திறவாமல் அட்டை வைக்கப்படுமாயின், அங்கே ஏதோ குறுக்குவழி தொழிற்படுகிறது என்று கொள்ளலாம்.

8. எந்தத் தமிழில் விளையாடுவது?

இறுதியாக, சமூக நோக்கில் முக்கியமான வினாவொன்று எஞ்சுகின்றது. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் தமிழ் பாடநூலின் தமிழ் அன்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘நேற்று ஓடினன், இப்ப ஓடுறன், நாளைக்கு ஓடுவன்’ என்று கட்டங்களில் நடக்கும். அது வால் மாறிய நடையா, அன்றா? சந்தேகமின்றி வால் மாறியதே. மூன்று காலங்களும் தெளிவாக வேறுபடுத்தப்பட்டுள்ளன. ‘ஓடுகிறேன் என்று சொல்’ என அவ்விடத்திலே திருத்தப்பட்ட பிள்ளை, சோதனையில் தோற்றுவிட்டதாகவே எண்ணும். அடுத்த முறை வாய்திறவாது. மட்டக்களப்புப் பிள்ளைக்கும் மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்கும் வெவ்வேறு வடிவங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் காலங்காட்டும் ஒழுங்கு பிழையின்றி அமைந்துள்ளது. ஆகவே விளையாட்டு பேச்சுத் தமிழில் நடைபெறட்டும். வீட்டில் தங்கிய அட்டையின் பின்புறத்தில் எழுத்துத் தமிழ் வடிவம் பின்னர் எழுதப்படட்டும்.

பேச்சுத் தமிழை ஏற்கும்போது ஒரு வடிவத்தில் மட்டும் ஆசிரியர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘நான் வீட்டை போறன்’ என்பது யாழ்ப்பாணத்தில் இயல்பான வாக்கியம். இங்கு ‘வீட்டை’ என்பது செயப்படுபொருளன்று. செல்லும் இடத்தைக் குறிக்கின்றது. ஆயினும் ‘வீடு’ பெயரே என்னும் முடிவு மாறாது. ஐயுருபு எப்பொருளில் வரினும் அதனை ஏற்றுள்ளது பெயரேயாகும். உருபின் பொருள் பற்றிய ஆராய்ச்சி மேல்வகுப்புக்குரியது.

கட்டுரையின் தொடக்கத்திற் குறிப்பிட்ட சிறுமியிடம் மீள்வோம். அவள் ‘ஆடு’ என்பதை வினையென்று எழுதினாள். காரணமும் கூறினாள்: ‘நாங்கள் ஆடுறம்தானே.’ அக்காரணம் ஒரு வாக்கியம்; அவ்வாக்கியத்தில் ‘ஆடு’ காலங்காட்டி நிற்கின்றது. தொல்காப்பியம் வினைக்குக் கூறிய இலக்கணத்தைத் தன் பேச்சிலிருந்தே எடுத்துக்காட்டி அவள் தன் விடையை நிறுவினாள். அவளுடைய வகுப்பில் அச்சொல்லுக்கு இரண்டாவது அட்டையொன்று இருக்கவில்லை. அந்த அட்டையை எழுதி வைப்பதற்குப் பழைய பெட்டித் துண்டொன்றும் வெண்கட்டியொன்றுமே வேண்டும். அதை எழுதுவதற்கு முன், பிள்ளை கூறும் காரணத்தை ஆசிரியர் முழுவதுமாகக் கேட்டிருத்தல் வேண்டும்.